ஹோம்ஸ்பர்க் சிறையும் என் 1,800 ரூபாய் சீரமும்

இந்த எபிசோட் ஒரு ஸ்டாண்ட்-அப் கால்ல ஆரம்பிச்சது. காமெடி இல்ல, ஆபீஸ் ஸ்டாண்ட்-அப். நேத்து என்ன பண்ணேன், இன்னைக்கு என்ன பண்ணப் போறேன்னு சொல்லிட்டே ஸ்க்ரீன்ல என் மூஞ்சியைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே ரெண்டு மெல்லிய கோடு. எனக்கு வயசு 29. அன்னைக்கு ராத்திரியே ஒரு வைட்டமின் சி சீரம் ஆர்டர் போட்டேன். 30 மில்லி, 1,800 ரூபாய். சென்னை வெயிலுக்கு நடுவுல என் பாத்ரூம் ஷெல்ஃப்ல ஆறு வாரம் இருந்தது. அதுக்குள்ள தண்ணி மாதிரி இருந்த சீரம் டீ டிகாஷன் கலருக்கு மாறிடுச்சு. கோடு மட்டும் அப்படியே இருக்கு.

அது ஏன் கலர் மாறுச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அங்கேருந்து சுருக்கத்துக்கு நிஜமா எது வேலை செய்யும், அதை யார் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு போனேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரே ஆளோட பேர் வந்து நின்னது. ஆல்பர்ட் க்ளிக்மன். பிலடெல்பியாவுல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட தோல் மருத்துவர். சுருக்கத்துக்கு வேலை செய்யும்னு நிரூபிச்ச க்ரீமுக்குப் பின்னாடி அவர் இருக்கார். என்னை 1,800 ரூபாய் செலவு பண்ண வெச்ச விளம்பர பாஷைக்குப் பின்னாடியும் அவர் இருக்கார். நம்ம ஊர் மெடிக்கல்ல சீட்டே கேக்காம குடுக்குற ஒரு க்ரீம் இருக்கு, எங்க அக்கா முகத்தைக் கெடுத்தது. அதுக்குப் பின்னாடியும் அவர்தான். அதனால இன்னைக்கு அவரோட கதை.

1951-ல் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளுக்குக் கால் விரல் இடுக்கில் வரும் பூஞ்சைத் தொற்று பரவியது. அதைப் பார்க்க க்ளிக்மனைக் கூப்பிட்டார்கள். உள்ளே போன மனிதர் நோயாளிகளைப் பார்க்கவில்லை. ஏக்கர் கணக்கில் தோலைப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். அந்த வார்த்தைதான் ஆலன் ஹார்ன்ப்ளம் 1998-ல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பானது. 1974 வரை, இருபது வருஷத்துக்கும் மேலாக, அந்தச் சிறைக்குள் பரிசோதனை நடந்தது. ஷாம்பூ, பவுடர், க்ரீம் என்று தொடங்கி, டவ் கெமிக்கல் கம்பெனிக்காக டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சைத் தோலில் தடவிப் பார்க்கும் வரைக்கும் போனது. கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பின ஆண்கள். பலர் ஜாமீன் கட்டக் காசில்லாமல் விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள், அதாவது இன்னும் குற்றவாளி என்றே தீர்ப்பாகாதவர்கள். முதுகில் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ரசாயனம். கையில் சில டாலர். என்ன தடவுகிறார்கள் என்பது பலருக்குச் சொல்லப்படவே இல்லை.

அந்தச் சிறையில் தடவிப் பார்த்தவற்றில் ஒன்று வைட்டமின் ஏ அமிலம். மருந்துப் பெயர் ட்ரெட்டினாயின். அதைத் தோலில் முதலில் முயன்றவர் க்ளிக்மன் இல்லை. 1960-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஸ்டூட்கன் என்பவர் பார்த்துவிட்டார். தோல் சிவந்து உரிகிறது என்று அது ஓரமாகக் கிடந்தது. அந்தச் சிவப்பைத் தாங்கிக்கொண்டு விடாமல் தடவினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் க்ளிக்மன். பருக்கள் குறைந்தன. 1969-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1971-ல் ரெட்டின்-ஏ என்ற பெயரில் அமெரிக்க அரசின் அனுமதியோடு பருவுக்கான மருந்தாக விற்பனைக்கு வந்தது.

பரு எல்லா வயசுலயும் வரும் இல்லையா. கொஞ்சம் வயசான பெண்கள் இதைத் தடவிட்டு வந்து, "டாக்டர், பரு போனது சரி, மூஞ்சியே வழவழன்னு ஆன மாதிரி இருக்கே"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. டாக்டர்கள் முதல்ல இதைப் பெருசா எடுத்துக்கல. க்ளிக்மனோட மனைவி லொரெய்ன் க்ளிக்மனும் தோல் ஆராய்ச்சியாளர்தான். அவங்க முடியில்லாத எலிகளுக்கு யூவி வெளிச்சம் காட்டித் தோலைச் சேதப்படுத்திட்டு, அதுல இந்த மருந்தைத் தடவினா உள்ளே புது கொலாஜன் வருதுன்னு காட்டினாங்க. 1986-ல மனிதர்கள்ல செஞ்ச முதல் பெரிய கட்டுரையை க்ளிக்மன் குழு வெளியிட்டது.

ஆனா நான் நம்பினது அவர் கட்டுரையை இல்ல. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மிச்சிகன் பல்கலைக்கழகத்துல வேற ஒரு குழு செஞ்சதைத்தான். அதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம், ஏன்னா சீரம் விளம்பரத்தைப் படிக்கிற விதத்தையே அது எனக்கு மாத்திடுச்சு.

30 பேர். எல்லாருக்கும் வெயிலில் அடிபட்ட தோல். ஒவ்வொருவருக்கும் ஒரு முன்கையில் 0.1% ட்ரெட்டினாயின் க்ரீம், மறு முன்கையில் அதே க்ரீம், ஆனால் மருந்து மட்டும் கலக்காதது. எந்தக் கைக்கு எது என்று தடவுகிறவருக்கும் தெரியாது, பார்த்து மார்க் போடும் டாக்டருக்கும் தெரியாது. 16 வாரம். கூடவே ஒரு 15 பேர் முகத்தில் மருந்து க்ரீம், இன்னொரு 15 பேர் முகத்தில் வெறும் க்ரீம். முடிவில் மருந்து தடவிய முன்கை 30 பேருக்கும் தேறியது. வெறும் க்ரீம் தடவிய கை தேறவில்லை. முகத்தில் மருந்து தடவிய 15 பேரில் 14 பேருக்கு முன்னேற்றம். வெறும் க்ரீம் குழுவில் ஒருவருக்கும் இல்லை. கூடவே பத்தில் ஒன்பது பேருக்குத் தோல் சிவந்து எரிந்து உரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இதுல முக்கியமான பகுதி எதுன்னா, அந்த வெறும் க்ரீம் தடவின கை. நாம போடுற ஏ/பி டெஸ்ட் மாதிரிதான். எந்த க்ரீம் தடவினாலும் தோல் மேல்பரப்புல ஈரம் ஏறும். ஈரம் ஏறினா மெல்லிய கோடுகள் உப்பிப் போய் அந்த நேரத்துக்கு மறையும். அதைக் கழிச்சுட்டுப் பார்த்தாதான் மருந்தோட வேலை தெரியும். சீரம் டப்பாவுல "28 நாளில் 90% பெண்கள் வித்தியாசத்தை உணர்ந்தனர்"னு போட்டிருக்கும் பாருங்க, அங்கே அந்த இன்னொரு கை கிடையாது. தடவறதுக்கு முன்னாடி எப்படி இருந்தது, பின்னாடி எப்படி இருந்ததுன்னு அவங்களையே கேட்டு எழுதினது.

1988 ஜனவரியில் இந்த ஆய்வு வெளியானதும் அமெரிக்காவில் மருந்துக்கடைகளில் ரெட்டின்-ஏ தீர்ந்துபோனது. சுருக்கத்துக்கு என்று அதற்கு அனுமதியே கிடையாது. பருவுக்கான மருந்தை எல்லாரும் சுருக்கத்துக்கு வாங்கினார்கள். தயாரித்த ஆர்த்தோ நிறுவனம் அதை ஊதிவிட்டதா என்று அரசு விசாரித்தபோது, நிறுவனம் ஆவணங்களை அழித்தது. 1995-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 75 லட்சம் டாலர் கட்டியது. அதே வருஷக் கடைசியில்தான் ரெனோவா என்ற பெயரில் இதே மருந்துக்கு மெல்லிய சுருக்கங்களுக்கென முறையான அனுமதி கிடைத்தது. மருந்து நிஜம், அதை விற்ற விதம் அசிங்கம். ரெண்டும் ஒரே ட்யூபுக்குள்ள இருந்தது.

சரி, உள்ளே என்ன நடக்குது? தோலைத் தாங்கிப் பிடிக்கிற நார் கொலாஜன். வெயில்ல இருக்கிற யூவி கதிர் பட்ட சில மணி நேரத்துல, கொலாஜனை வெட்டுற என்சைம்கள் தோல்ல சுரக்குது. உடம்பு அதைச் சரி பண்ணும், ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோணலா. இருபது முப்பது வருஷம் இந்தக் கோணல் சேர்ந்ததுதான், வயசான தோல்னு நாம சொல்றதுல பெரும்பங்கு. ட்ரெட்டினாயின் அந்த என்சைம்களை அடக்குது, புது கொலாஜனும் உண்டாக்க வைக்குது. 1993-ல அதே மிச்சிகன் குழு தோல்ல துணுக்கு எடுத்துப் பார்த்தாங்க. பத்துப் பன்னிரண்டு மாசம் மருந்து தடவினவங்களுக்குக் கொலாஜன் உருவாகுறது 80% கூடியிருந்தது. வெறும் க்ரீம் தடவினவங்களுக்கு 14% குறைஞ்சிருந்தது.

அப்போ வெயிலே படாம தடுத்தா? இதுக்கு ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு, ஒரு போட்டோ. 2012-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்தது. 28 வருஷம் லாரி ஓட்டின 69 வயசு அமெரிக்கர். முகத்தோட ஒரு பாதி சாதாரணமா இருக்கு. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி தடிச்சு, தொங்கி, பத்து இருபது வருஷம் மூத்த மாதிரி இருக்கு. கார் கண்ணாடி நம்மைச் சுட்டெரிக்கிற யூவி-பி கதிரைத் தடுத்துடும். ஆழமா இறங்குற யூவி-ஏ உள்ளே வந்துடும். நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆபீஸ்ல எல்லாரும் சண்டை போட்டு வாங்குற ஜன்னல் சீட்டும் இதே கணக்குலதான் வரும்.

இரண்டாவது சாட்சி இன்னும் பலமானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பர் என்று ஒரு ஊர். 1992-லிருந்து 1996 வரை அங்கே ஒரு சோதனை நடந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். மறு பாதியிடம் வழக்கம்போல உங்கள் இஷ்டம் என்றார்கள். தோலுக்கு எப்படி மார்க் போடுவது? புறங்கையில் சிலிக்கான் பசையை ஊற்றி அச்சு எடுத்தார்கள். தோலில் உள்ள நுண்ணிய கோடுகள் எல்லாம் அந்த அச்சில் பதிந்துவிடும். நாலரை வருஷம் கழித்துத் திரும்ப எடுத்து ஒப்பிட்டார்கள். 55 வயதுக்குக் கீழ் இருந்த 903 பேரின் கணக்கு 2013-ல் வெளியானது. தினமும் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களை விட 24% குறைவு; அந்த நாலரை வருஷத்தில் அவர்கள் தோல் மூப்படைந்ததாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. இதே சோதனையில் இன்னொரு பிரிவுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள், உள்ளிருந்தே தோலைக் காக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்ற நம்பிக்கையில். அது தோல் மூப்பை மொத்தத்தில் ஒன்றும் குறைக்கவில்லை.

இதுல கவனிங்க, அவங்க குடுத்தது எஸ்பிஎஃப் 50 இல்ல. வெறும் 15 சொச்சம். நம்பர் பெரிய விஷயம் இல்ல, எவ்வளவு போடுறோம்ங்கறதுதான் விஷயம். லேப்ல எஸ்பிஎஃப் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவுறாங்க. முகத்துக்குச் சுமார் 600 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு 1.2 கிராம். ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டுலயும் நீளமா ஒரு கோடு பிதுக்கினா ஏறக்குறைய அந்த அளவு வரும். அப்படிப் பார்த்தா 50 கிராம் ட்யூப் ஆறு வாரத்துல காலியாகணும். என்னோடது ஆறு மாசம் வந்தது. அதாவது நான் போட்டது தேவையானதுல கால் பங்கு கூட இல்ல. ட்யூப் எத்தனை நாள் வருதுன்னு நீங்களே கணக்குப் பார்த்துக்கலாம். இதை விட நல்ல டெஸ்ட் வேற இல்ல. எஸ்பிஎஃப் யூவி-பியைத்தான் அளக்குது, அதனால ட்யூப்ல 'பிராட் ஸ்பெக்ட்ரம்' இல்ல 'பிஏ'க்குப் பக்கத்துல மூணு நாலு பிளஸ் இருக்கான்னும் பாருங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். இந்த ஆய்வுகள்ல இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரங்க. நம்ம தோல்ல மெலனின் அதிகம், அதுவே ஒரு அளவுக்குக் காப்பு. நமக்குச் சுருக்கம் தாமதமா வரும். அதுக்கு முன்னாடி கன்னத்துல மங்கு, திட்டுத் திட்டாக் கறுப்புதான் வரும். அதனால 24% அப்படியே நமக்கும் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். மங்கு இருக்கிறவங்களுக்கு கலர் கலந்த, அதாவது இரும்பு ஆக்ஸைடு இருக்கிற சன்ஸ்கிரீன் உதவும். ஏன்னா மங்கை யூவி மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் கூட்டும்.

இப்போ என் சீரத்துக்கு வர்றேன். 1938-ல வந்த அமெரிக்கச் சட்டப்படி, தோற்றத்தை மாத்துறது காஸ்மெட்டிக். உடம்போட அமைப்பையோ வேலையையோ மாத்துறது மருந்து. மருந்துன்னா நிரூபிக்கணும், காஸ்மெட்டிக்னா அப்படி நிரூபிக்க வேண்டாம். 1987-ல சில க்ரீம்கள் செல்லையே புதுப்பிக்கும்னு விளம்பரம் பண்ணப்போ, அப்போ நீங்க விக்கிறது மருந்தான்னு 23 கம்பெனிகளுக்கு அரசு கடிதம் போட்டது. உடனே விளம்பர வாசகங்கள் 'சுருக்கத்தைக் குறைக்கும்'ங்கறதுல இருந்து 'சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்'னு நழுவிக்கிச்சு. இன்னைக்கும் உங்க பாட்டில்ல அந்தத் 'தோற்றம்' இருக்கும், எடுத்துப் பாருங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல 'காஸ்மெசூட்டிகல்'னு ஒரு வார்த்தையை 1984-ல பரப்பினவர் யாரு? நம்ம க்ளிக்மன்தான். சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. ஆனா மருந்துக்கடை வாசனையோட காஸ்மெட்டிக் விலையை ஏத்த அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்தது.

சீரத்துல இருக்கிறது எல்லாம் பொய்யான்னா, இல்ல. ஆனா கொலாஜன் சீரம்ல இருக்கிற கொலாஜன் மூலக்கூறு தோல் வழியா உள்ளே போகாத அளவுக்குப் பெருசு. ஹயலூரானிக் அமிலம் மேலே நின்னு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அது ஈரம்தான். சாதா மாய்ச்சரைசரும் அதைச் செய்யும். வைட்டமின் சி நல்ல அமிலத்தன்மையில, அதாவது பிஹெச் 3.5-க்குக் கீழே இருந்தாதான் உள்ளே போகும். காத்தும் வெளிச்சமும் பட்டா ஆக்ஸிஜனோட சேர்ந்து பழுப்பாகிடும். என் டிகாஷன் கதை அதுதான். ரெட்டினால் சீரம் இதுல கொஞ்சம் நியாயமானது, ஆனா அது தோலுக்குள்ள போய் ரெண்டு படி மாறின பிறகுதான் ட்ரெட்டினாயின் ஆகும். வழியில நிறைய வீணாகும், அதனால வலு பல மடங்கு குறைவு.

எனக்கு ஸ்கின் டாக்டர் எழுதிக் கொடுத்தது 0.025% ட்ரெட்டினாயின். ட்யூப் விலை என் சீரத்துல பத்துல ஒரு பங்கு. ராத்திரி முகம் கழுவி, நல்லா காய்ஞ்ச பிறகு, முழு முகத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. முதல்ல வாரம் ரெண்டு நாள், தாங்கினா மெதுவா கூட்டணும். மூணாவது வாரம் மூக்கோரம் உரிஞ்சது, நடுவுல மாய்ச்சரைசர் போட்டு ஓட்டினேன். மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி எதுவும் தெரியாது, நிறுத்தினா பலனும் மெல்லப் போயிடும். ஆழமான மடிப்பு, சிரிச்சா விழுற கோடு இதெல்லாம் இதுல போகாது. கர்ப்பமா இருக்கிறவங்க, அதுக்குத் திட்டமிடுறவங்க தொடக்கூடாது. ஒரு தமாஷ் என்னன்னா, டாக்டர் என் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் மாய்ச்சரைசர் தடவிட்டு அரை மணி நேரம் வெளியே உக்கார வெச்சாங்க. திரும்பப் போனப்போ ரெண்டு கோட்டுல ஒண்ணு காணோம். அது வெறும் வறட்சி.

இப்போ அக்கா. என் பெரியம்மா பொண்ணு, மதுரையில இருக்காங்க. கன்னத்துல மங்கு. மெடிக்கல்ல "அண்ணா, இதுக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க, அவரும் ஒரு ட்யூப் எடுத்துக் குடுத்திருக்கார். ரெண்டே வாரத்துல முகம் பளிச். ரெண்டு வருஷம் தடவியிருக்காங்க. நான் போனப்போ கன்னம் சிவந்து, மெல்லிய ரத்த நாளம் தெரிஞ்சது. பொடிப் பொடியா பரு. அடுப்பு பக்கம் போனாலே எரியுதுன்னாங்க. ரெண்டு நாள் நிறுத்தினா இன்னும் மோசமாகுதுன்னு திரும்பத் தடவுறாங்க. ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியா இருக்கிறது ஸ்டீராய்டு.

இந்தக் கலவையின் மூலப் பாட்டன் 1975-ல் வந்தது. க்ளிக்மனும் வில்லிஸும் சேர்ந்து போட்ட ஃபார்முலா. அதில் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டு. டாக்டர் கண்காணிப்பில் சில வாரம் தடவ வேண்டிய மருந்து அது. ஸ்டீராய்டு முதலில் சிவப்பை அடக்கி முகத்தை வெளுப்பாக்கும். மாதக்கணக்கில் போனால் தோலை மெலிதாக்கும். நிறுத்தினால் எல்லாம் பொங்கும், அதனாலேயே விட முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதை எதிர்த்துப் பல வருஷமாகப் பேசி வருகிறது. உங்க வீட்ல 'சிவப்பழகு' க்ரீம்னு ஒரு மெடிக்கல் ட்யூப் இருந்தா, மருந்துப் பேர்ல 'சோன்', 'சோல்'னு முடியுற வார்த்தை ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அக்காவுக்கு அந்த ட்யூபை விட அஞ்சு மாசம் ஆச்சு. இப்போ சன்ஸ்கிரீனும் மாய்ச்சரைசரும் மட்டும்தான். இந்த எபிசோடுக்காகப் படிச்சதை எல்லாம் போன்ல அவங்ககிட்ட சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த ஜெயில்ல இருந்தவங்களுக்கு என்னடி ஆச்சு? கேஸ் எதுவும் போடலையா?"ன்னு கேட்டாங்க.

போட்டாங்க. 2000-ல ஏறக்குறைய 300 முன்னாள் கைதிகள் வழக்குத் தொடுத்தாங்க. காலம் கடந்துபோச்சுன்னு சொல்லி தள்ளுபடி பண்ணிட்டாங்க. க்ளிக்மன் 2010-ல இறந்துட்டார். தான் செஞ்சது தப்புன்னு அவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. 2021-ல பல்கலைக்கழகத்தோட மருத்துவக் கல்லூரியும், 2022 அக்டோபர்ல பிலடெல்பியா நகரமும் மன்னிப்புக் கேட்டாங்க. அப்போ அந்த முதுகுக்காரங்கள்ல நிறைய பேர் உயிரோட இல்ல.